ஸ்டேக்கிங் விளம்பரத்தில் ஏபிஆரா, ஏபிஒய்யா? பெரிய சதவீதத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

ஸ்டேக்கிங் என்றால் கிரிப்டோ டோக்கனை நெட்வொர்க்கிலோ தளத்திலோ வைத்து அதற்கு வெகுமதி வாங்குவது. ஒரு தளத்தில் அதற்கு "18% APR" என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் "19% APY". இரண்டும் ஒரே டோக்கனுக்கு. எதில் போட்டால் அதிகம் கிடைக்கும்? பெரும்பாலானோர் 19-ஐத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டால் 18% தருகிற தளமே அதிகம் தருகிறது. சில சமயம் அதுவும் மாறும். அது கட்டணத்தைப் பொறுத்தது.

இதுபோன்ற ஒரு சதவீதத்தை எடுத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று படிப்படியாகப் பிரிப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. முதலில் சாதாரணமான 18%, 19%. பிறகு 7,800% என்று காட்டுகிற ஒன்று. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

ஏபிஆர் என்பது தனிவட்டி. 1,000 டோக்கனுக்கு 18% என்றால் ஆண்டு முடிவில் 180 டோக்கன், அவ்வளவுதான். ஏபிஒய் என்பது வட்டிக்கு வட்டி சேர்த்த கணக்கு. இடையிடையே வருகிற வெகுமதியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஆண்டு முடிவில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அது சொல்கிறது. ஆண்டுக்கு n முறை சேர்க்கிறோம் என்றால்:

```
APY = (1 + APR/n)^n - 1
APR = n × ((1 + APY)^(1/n) - 1)
```

இதைக் கையால் போட வேண்டியதில்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதற்கென்றே இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு:

```
=EFFECT(0.18, 365)     → 0.1972
=NOMINAL(0.19, 365)    → 0.1740
```

முதல் வரி: 18% ஏபிஆரை நாள்தோறும் கூட்டினால் 19.72% ஏபிஒய். இரண்டாவது வரி: நாள்தோறும் கூட்டி 19% ஏபிஒய் வருகிறது என்றால் அதன் அடியில் இருக்கும் ஏபிஆர் 17.40% மட்டுமே. 18% தருகிற தளமே மேல் என்று சொன்னது இதனால்தான்.

எத்தனை முறை கூட்டுகிறார்கள் என்ற தகவல், சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன கேள்விக்குறியையோ i குறியையோ அழுத்தினால் பெரும்பாலும் தெரியும். எங்கேயும் சொல்லவில்லை என்றால், அந்த ஏபிஒய்யை நாள்தோறும் கூட்டியதாக வைத்தே ஏபிஆருக்கு மாற்றுங்கள். குறைந்த சதவீதங்களில் வாரக் கணக்கா நாள் கணக்கா என்பதால் பெரிய வித்தியாசம் வராது.

கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். பல நாடுகளில் கடனுக்கான ஏபிஆரில் செயலாக்கக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஸ்டேக்கிங் திரையில் தெரிகிற ஏபிஆருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் ஸ்டேக்கை வைத்து நெட்வொர்க்கின் பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவர் வேலிடேட்டர். அவருடைய கமிஷனை அதில் கழித்திருக்கலாம், கழிக்காமலும் இருக்கலாம். 18% என்பது கமிஷனுக்கு முந்தைய எண்ணாக இருந்து, வேலிடேட்டர் 10% கமிஷன் எடுத்தால், உங்கள் கைக்கு வருவது 16.2%.

படி 2: வட்டிக்கு வட்டி யார் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள்

ஏபிஒய் என்ற எண் ஒரு வேலையை ஏற்கெனவே யாரோ செய்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது: வெகுமதியை எடுத்து மறுபடி ஸ்டேக் செய்வது. அந்த வேலை யாருடையது என்பது நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும்.

சொலானாவில் அது தானாகவே நடக்கிறது. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை, எபாக் எனப்படும் ஒரு சுற்று முடியும்போது வெகுமதி உங்கள் ஸ்டேக்கிலேயே போய்ச் சேர்ந்துவிடும். காஸ்மாஸ் ஹப்பில் அப்படி இல்லை. வெகுமதி தனியாகக் குவிந்து கிடக்கும். நீங்கள்தான் எடுத்து மறுபடி ஸ்டேக் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. எத்தீரியத்தில் வேலிடேட்டர் நேரடியாக நடத்துகிறவருக்கு நீண்ட காலம் வட்டிக்கு வட்டியே கிடையாது. 32 ஈதருக்கு மேல் சேர்வது எதையும் ஈட்டாது. 2023 ஏப்ரல் முதல் அது தானாகவே வெளியே உள்ள முகவரிக்கு அனுப்பப்பட்டது. 2025 மே மாதத்து பெக்ட்ரா மேம்படுத்தலுக்குப் பிறகுதான், புதிய வகைக்கு மாறிய வேலிடேட்டர்கள் 2,048 ஈதர் வரை ஒரே இடத்தில் வளர்க்க முடிகிறது.

ஆக, கையால் எடுத்துச் சேர்க்க வேண்டிய இடத்தில் ஒரு தளம் ஏபிஒய்யைப் பெரிய எழுத்தில் காட்டினால், அது உங்களுக்குக் கிடைக்கப்போகிற எண் அல்ல. நீங்கள் ஓயாமல் உழைத்து, கட்டணமே இல்லாமல் இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய எண்.

கட்டணம் எவ்வளவு தின்னும் என்று பார்ப்போம். 1,000 டோக்கன், 18% ஏபிஆர். வெகுமதியை எடுத்து மறுபடி ஸ்டேக் செய்ய ஒவ்வொரு முறையும் மொத்தம் 1 டோக்கன் மதிப்புக்குக் கட்டணம், அதையும் வாலட்டில் தனியாக இருக்கும் இருப்பிலிருந்து கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

| எத்தனை முறை | மொத்த வெகுமதி | கட்டணம் | மிச்சம் |
|---|---|---|---|
| ஆண்டு முடிவில் ஒரே முறை | 180.00 | 1 | 179.00 |
| மூன்று மாதத்துக்கு ஒருமுறை | 192.52 | 4 | 188.52 |
| மாதம் ஒருமுறை | 195.62 | 12 | 183.62 |
| வாரம் ஒருமுறை | 196.85 | 52 | 144.85 |
| தினமும் | 197.16 | 365 | −167.84 |

தினமும் சேர்ப்பவருக்குத்தான் மொத்த வெகுமதி அதிகம், அவர்தான் நஷ்டப்படுகிறார். ஒரு நாள் வெகுமதியே அரை டோக்கன்தான், அதை எடுக்க ஒரு டோக்கன் செலவு. இந்த உதாரணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் சரி. அதே கட்டணத்தில் அசல் 100 டோக்கன் மட்டுமே என்றால் கதை மாறிவிடும்: ஒரே முறை எடுத்தால் 17 மிஞ்சும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் 15.25தான். சிறிய தொகை வைத்திருப்பவருக்கு வட்டிக்கு வட்டி என்பதே கிடையாது, அவர் ஏபிஆரை மட்டும் பார்த்தால் போதும்.

தானாகக் கூட்டும் வால்ட் வசதியில் இந்தக் கட்டணம் பலருக்குள் பகிர்ந்துகொள்ளப்படும். அது நல்ல வசதிதான். பதிலுக்கு அவர்கள் வெகுமதியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், கூடவே இன்னொரு ஸ்மார்ட் கான்ட்ராக்டின் ஆபத்தும் உங்கள் தலையில் ஏறும்.

படி 3: பெரிய எண்ணை ஒரு நாள் விகிதமாக உடையுங்கள்

18 எங்கே, 19.72 எங்கே. குறைந்த விகிதங்களில் ஏபிஆருக்கும் ஏபிஒய்க்கும் இடைவெளி சிறியதுதான். விகிதம் ஏற ஏற அந்த இடைவெளி வெடித்துப் பெருகும். 100% ஏபிஆரை நாள்தோறும் கூட்டினால் 171% ஏபிஒய். நாளுக்கு 1% என்பது 365% ஏபிஆர். அதையே ஏபிஒய்யாகச் சொன்னால் 3,678%. நாளுக்கு 2% என்றால் ஏபிஆர் இரண்டு மடங்காகி 730%தான் ஆகிறது, ஏபிஒய்யோ 1,37,000%-ஐத் தாண்டிவிடுகிறது.

விளம்பரம் எழுதுபவர் ஏபிஒய்யைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதிலேயே இருக்கிறது. எனவே மூன்று இலக்கத்துக்கு மேல் ஏபிஒய் தெரிந்தால் உடனே `NOMINAL` போட்டு, வருவதை 365-ஆல் வகுத்து, நாள் விகிதம் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரே கேள்வி: இந்த விகிதம் 365 நாளும் இப்படியே இருக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது, அதற்குக் காரணமும் எளிது. பலர் சேர்ந்து ஸ்டேக் செய்யும் பூல்கள் பலவற்றில் நாளுக்கு இத்தனை டோக்கன் என்று ஒரு நிலையான அளவை எல்லோருக்கும் பகிர்கிறார்கள். நாளுக்கு 1,000 டோக்கன் பகிரும் பூலில் மொத்தம் 50,000 டோக்கன் ஸ்டேக் ஆகியிருந்தால் நாளுக்கு 2%. திரை அதை 365-ஆல் பெருக்கி 730% ஏபிஆர் என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்து ஆட்கள் வந்து பூல் 20 லட்சம் டோக்கனாக வளர்ந்தால், அதே 1,000 டோக்கனை அத்தனை பேர் பகிர வேண்டும். நாளுக்கு 0.05%, ஆண்டுக்கு 18.25%. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கடந்த 24 மணி நேரத்தை ஒரு ஆண்டாக நீட்டிப் பார்த்ததுதான் கோளாறு.

இதைச் சரிபார்க்க: பூல் திறந்து எத்தனை நாள் ஆகிறது, மொத்த இருப்பு எவ்வளவு, நாளுக்கு எத்தனை டோக்கன் வெளியாகிறது என்று மூன்று எண்களைத் தேடுங்கள். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் இன்றைய நாள் விகிதம். பூல் பத்து மடங்கானால் அது பத்தில் ஒன்றாகும். திறந்த முதல் வாரத்து சதவீதத்தை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: எந்த டோக்கனில் தருகிறார்கள், மொத்தம் எவ்வளவு பெருகுகிறது?

இதுவரை எண்ணிக்கையைத்தான் பார்த்தோம். கையில் எத்தனை டோக்கன் இருக்கிறது என்பது ஒன்று. மொத்தத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது வேறு. வெகுமதி புதிதாக அச்சடித்த டோக்கனாக வந்தால், மொத்தப் புழக்கமும் கூடவே வீங்கும்.

சாதாரண நெட்வொர்க் ஒன்றை எடுப்போம். ஆண்டுக்கு 10% புதிய டோக்கன் உருவாகிறது, இருப்பதில் 60% ஸ்டேக் ஆகியிருக்கிறது. புதியது முழுவதும் ஸ்டேக் செய்தவர்களுக்கே போவதால் அவர்களுக்கு 10 ÷ 0.6 = 16.7%. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தம் 10% பெருகியதால்,

```
பங்கின் வளர்ச்சி = 1.167 / 1.10 - 1 = 6.1%
```

மொத்தத்தில் உங்கள் பங்கு 6.1%தான் கூடியது. அந்த 6.1% எங்கிருந்து வந்தது? ஸ்டேக் செய்யாமல் வைத்திருந்தவர்களின் பங்கு சுருங்கியதிலிருந்து. எல்லோரும் ஸ்டேக் செய்துவிட்டால் எடுத்துக்கொள்ள ஆளே இல்லை. எல்லோருக்கும் 10% டோக்கன் கூடும், யாருடைய பங்கும் கூடாது.

இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான சதவீதங்கள் எப்படி உருவாகின்றன என்பது விளங்கிவிடும். 2021-இல் ஒலிம்பஸ் டாவோ என்ற திட்டம் 7,000%-க்கும் மேல் ஏபிஒய் காட்டியது. அதில் ஸ்டேக் செய்தவர்களின் ஓஎச்எம் டோக்கன் இருப்பு ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று முறை, தானாகவே கூடும். இதை ரீபேஸ் என்றார்கள். டோக்கனில் பெரும்பகுதி ஸ்டேக் ஆகியே இருந்தது. அந்த அமைப்பை வட்டமான எண்களில் போட்டுப் பார்ப்போம்: ஒரு ரீபேஸுக்கு 0.4%, ஆண்டுக்கு 1,095 ரீபேஸ், 90% ஸ்டேக்.

```
APR = 0.4% × 1095       = 438%
APY = 1.004^1095 - 1    = 7,814%
```

1 டோக்கன் ஆண்டு முடிவில் 79.14 டோக்கனாகிறது. கணக்கு சரிதான், டோக்கனும் உண்மையிலேயே வாலட்டில் வரும். இப்போது மொத்தத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் மொத்தம் 100 டோக்கன். 90 ஸ்டேக்கில், 10 வெளியே. யாரும் நுழையவில்லை, யாரும் வெளியேறவில்லை. ஆண்டு முடிவில் 90 என்பது 7,123 ஆகிறது, வெளியே இருந்த 10 அப்படியே. மொத்தம் 7,133. தொடக்கத்தில் 100-க்கு 1 என்று 1% வைத்திருந்தவர், இப்போது 7,133-க்கு 79.14 வைத்திருக்கிறார். அதாவது 1.11%.

7,814% ஏபிஒய், உண்மையில் பங்கில் கூடியது 11%. இதற்கு மேல் போகவும் முடியாது. ஏற்கெனவே 90% கையில் வைத்திருக்கும் கூட்டம், மிஞ்சிய 10%-ஐ மொத்தமாக விழுங்கினாலும் 100%தானே ஆகும்? டோக்கன் விலை அப்படியே நிற்க வேண்டுமென்றால் திட்டத்தின் மொத்தச் சந்தை மதிப்பு ஒரே ஆண்டில் 71 மடங்காக வேண்டும். மொத்த மதிப்பு மாறாமல் இருந்தால் விலை 71-இல் ஒரு பங்காக வேண்டும். ஓஎச்எம் 2021-இல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2022 தொடக்கத்தில் நூறு டாலருக்குக் கீழே வந்திருந்தது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், மேலே போட்ட கணக்கில் அந்தத் திசை முன்கூட்டியே எழுதியிருந்தது.

நீங்கள் இதைச் செய்ய வேண்டிய முறை: டோக்கனின் மொத்தப் புழக்கம் இன்று எவ்வளவு, ஓராண்டுக்கு முன் எவ்வளவு என்று விலைப் பட்டியல் தளங்களிலோ, நெட்வொர்க்கின் பதிவுகளைக் காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரரிலோ பாருங்கள். இரண்டின் விகிதத்தால் (1 + வெகுமதி விகிதம்)-ஐ வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். எதிர்மறையாக வந்தால், ஸ்டேக் செய்தும் உங்கள் பங்கு கரைகிறது என்று பொருள். குழுவுக்கும் முதலீட்டாளர்களுக்கும் பூட்டிவைத்த டோக்கன்கள் விடுபடும்போது இப்படி நடக்கும்.

படி 5: காசு யார் கொடுக்கிறார்கள்?

உண்மையான ஸ்டேக்கிங்கில் வருமானத்துக்கு மூலம் இரண்டுதான்: நெட்வொர்க் புதிதாக உருவாக்கும் டோக்கன், பயனர்கள் கட்டும் பரிவர்த்தனைக் கட்டணம். முதலாவது விகிதம் நெட்வொர்க்கின் விதியிலேயே எழுதியிருக்கும், யாரும் பேரம் பேசி மாற்ற முடியாது.

எத்தீரியத்தில் மொத்த ஸ்டேக்கின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஆண்டு வெளியீடு கூடுகிறது. 3 கோடி ஈதர் ஸ்டேக் ஆகியிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் ஈதர் உருவாகும், அதாவது 3% அளவில். ஸ்டேக் நான்கு மடங்கானால் விகிதம் பாதியாகும். இதன்மேல் கட்டணங்களிலிருந்து கொஞ்சம் சேரும். இதுதான் அடிப்படை விகிதம். ஈதர் ஸ்டேக்கிங்குக்கு ஒருவர் 30% தருகிறேன் என்றால், அந்த 30-இல் மூன்று அல்லது நான்கு மட்டுமே ஸ்டேக்கிங்கிலிருந்து வர முடியும். மீதிக்கு வேறு பெயர் இருக்க வேண்டும்: கடன் கொடுத்து வட்டி வாங்குகிறார்கள், அல்லது கடன் வாங்கிப் பல மடங்காகப் பெருக்கிப் போடுகிறார்கள், அல்லது தங்கள் சொந்த டோக்கனை அச்சடித்து ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறார்கள். இல்லையென்றால் அடுத்து வருகிறவரின் அசல்.

ஆகவே எந்த டோக்கனானாலும் முதலில் அந்த நெட்வொர்க்கின் அடிப்படை விகிதத்தை அதன் எக்ஸ்ப்ளோரரில் வேலிடேட்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். விளம்பர விகிதத்திலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் இருக்கும் சதவீதத்துக்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும். "இதில் எத்தனை சதவீதம் ஈதரில், எத்தனை உங்கள் டோக்கனில்?" என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஸ்டேபிள்காயினில் இந்தச் சோதனை இன்னும் எளிது. டாலருக்கு இணையாக நிற்கும் சாதாரண டோக்கனுக்கு அதற்கென வேலிடேட்டர் இல்லை, பிளாக் இல்லை. எனவே ஸ்டேக்கிங் வெகுமதி என்று ஒன்று இருக்க வழியில்லை. அதன் அடிப்படை விகிதம் பூஜ்யம். "ஸ்டேக்" என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் அங்கே நடப்பது கடன் கொடுப்பது அல்லது வேறொரு முதலீடு.

ஆங்கர் புரோட்டோகால் இதற்கு நல்ல பாடம். 2021 மார்ச்சில் தொடங்கிய அது UST என்ற ஸ்டேபிள்காயினை வைப்பவர்களுக்கு 19.5% அளவில் தந்தது. கடன் வாங்குபவர்கள் கட்டும் வட்டியும் அவர்கள் அடமானம் வைத்த டோக்கனின் ஸ்டேக்கிங் வெகுமதியுமே வருமானம். வைப்பவர்கள் பெருகினார்கள், கடன் கேட்பவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. உச்சத்தில் வைப்பு 1,400 கோடி டாலர் அளவில் இருந்தது, 19.5% என்றால் நாளுக்கு ஏறத்தாழ 75 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். வருமானம் போதாத மிச்சத்தை ஒரு கையிருப்பிலிருந்து கொடுத்தார்கள். அது வற்றியதால் 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலர் ஊற்ற வேண்டியிருந்தது. அந்தக் கையிருப்பு நாளுக்கு நாள் குறைவதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்க முடியும். 2022 மே மாதம் UST ஒரு டாலர் இணைப்பை இழந்தது. வட்டியோடு அசலும் போயிற்று. 20% என்பது கண்ணைக் குத்தும் எண் அல்ல என்பதையும் கவனியுங்கள். அடிப்படை விகிதம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் 20% என்பதே மிகப் பெரியது.

பிட்கனெக்ட் வேறு ரகம். வர்த்தக மென்பொருள் ஒன்று சம்பாதித்துக் கொடுக்கிறது என்று சொல்லி மாதம் 40% வரை காட்டினார்கள். 40% மாதாமாதம் கூடினால் 1,000 டாலர் மூன்று ஆண்டில் 18 கோடி டாலருக்கு மேல் ஆகும். அப்படிச் சம்பாதிக்கிற மென்பொருள் கையில் இருப்பவர், ஊரார் ஆயிரம் டாலருக்காக விளம்பரம் செய்து ஆள் சேர்க்கும் தேவை என்ன? 2018 ஜனவரியில் அந்தக் கடன் திட்டம் மூடப்பட்டது. 240 கோடி டாலர் மோசடி என்று அமெரிக்க நீதித் துறை பின்னர் வழக்குத் தொடுத்தது: புதிதாக வருபவர் போட்ட அசலையே பழையவருக்கு வட்டியாகக் கொடுத்தது.

படி 6: வெளியே வரும் வழி

விகிதம் நியாயமாகவே இருந்தாலும், விடுவிக்கும் காலத்தைப் பார்க்காமல் போடக் கூடாது. காஸ்மாஸ் ஹப்பில் ஸ்டேக்கை விடுவிக்கச் சொன்ன பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் வெகுமதியும் வராது, விற்கவும் முடியாது. 18% ஏபிஆர் ஆண்டு முழுக்கக் கிடைத்து, டோக்கன் விலை 30% விழுந்தால் 1.18 × 0.70 = 0.826. டோக்கன் கூடியும் மதிப்பில் 17.4% இழப்பு. விலை விழும் நாளிலேயே விற்க நினைப்பவருக்கு அந்த 21 நாள் மிக நீளம். வேலிடேட்டர் விதி மீறினால் அசலிலேயே ஒரு பகுதி வெட்டப்படலாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

போலித் தளங்களில் சிக்கல் இதைவிட நேரடியானது. அங்கே திரையில் இருப்பு ஏறும். அது வெறும் எண்தான். முதல் முறை சிறிய தொகை எடுக்க விடுவார்கள், நம்பிக்கை வருவதற்காக. எனவே சிறிய தொகையைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சோதனை, தோல்வியடைந்தால் மட்டுமே பயன்படும். வெற்றியடைந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. பெரிய தொகை கேட்கும்போதுதான் "முதலில் வரி கட்டுங்கள்", "கணக்கை உறுதிசெய்ய இன்னும் இவ்வளவு போடுங்கள்" என்று வரும். உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளக்கூடிய ஒன்றை வெளியிலிருந்து புதிதாகக் கட்டச் சொன்னால், உள்ளே இருப்பு என்று எதுவும் இல்லை. கட்டாமல் நிறுத்திவிடுவதுதான் மிச்சப்படுத்தும் ஒரே வழி.

வாலட்டை இணைக்கச் சொல்லும் தளமாக இருந்தால், கையெழுத்திடும் முன் பாப்-அப்பில் வரும் கோரிக்கையைப் படியுங்கள். டெபாசிட் செய்யும் தொகையை விடப் பெரிய, அல்லது வரம்பில்லாத அனுமதியை `approve` கேட்டால், வாலட்டில் அந்த எண்ணைத் திருத்தி நீங்கள் போடும் அளவுக்கு மட்டும் கொடுக்கலாம். ஈதர் போன்ற நெட்வொர்க்கின் சொந்த நாணயத்தை ஸ்டேக் செய்ய `approve` தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் அது உங்கள் வேறு டோக்கன்களைக் குறிவைக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எக்ஸ்ப்ளோரரின் டோக்கன் அனுமதிப் பக்கத்தில் அந்த முகவரியைக் கண்டுபிடித்து ரத்து செய்யுங்கள். தளத்திலிருந்து வாலட்டைத் துண்டிப்பதால் மட்டும் அனுமதி ரத்தாகாது. மீட்புச் சொற்களையே எங்காவது தட்டச்சு செய்துவிட்டால் இந்த ரத்தும் உதவாது. புதிய சொற்களோடு வேறு வாலட் திறந்து, எஞ்சியிருப்பதை உடனே அங்கே மாற்ற வேண்டும்.